ஓய்வு பெறும் வங்கி எழுதுவினைஞருக்கு ஒரு பிரியாவிடைப் பேச்சு: கேலியும் நினைவும் சேர்த்து எழுதும் முறை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற மலையக ஊர்களின் வங்கிக் கிளைகளில் ஒரே முகத்தை ஊரே அறிந்திருக்கும். முகாமையாளர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிப் போவார்கள். கவுண்டரில் இருக்கும் மூத்த எழுதுவினைஞர் இருந்த இடத்திலேயே இருப்பார். அவர் ஓய்வு பெறும் நாளில் முகாமையாளர் பேசுவார், தொழிற்சங்கப் பிரதிநிதி பேசுவார், பிறகு "கொஞ்சம் சிரிக்கிற மாதிரி ஒருவர் பேசட்டும்" என்று இளைய ஊழியர் ஒருவரைக் கைகாட்டிவிடுவார்கள். இதுவரை மேடை ஏறாத அந்த இளையவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய பேச்சுகள் பெரும்பாலும் இரண்டாக உடைந்துவிடுகின்றன. முதல் பாதியில் கேலி, இரண்டாம் பாதியில் புகழ்ச்சி. நடுவில் "ஆனால் உண்மையில் அவர் மிகவும் நல்லவர்" என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் வந்ததும் சபை சிரிப்பை நிறுத்திக்கொள்கிறது; முன்னால் சொன்ன கேலியெல்லாம் குறையாகத் தோன்றத் தொடங்குகிறது. நன்றாக அமைந்த பேச்சில் கேலியும் நினைவும் ஒரே பழக்கத்திலிருந்து வரும். எந்தப் பழக்கத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தீர்களோ, அதே பழக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டி நெகிழ வைக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு பழக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கும் அதைச் சரியான இடத்தில் வைப்பதற்கும்தான்.

பழக்கத்தைத் தேடுதல்

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். "அண்ணனைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "நல்ல மனிதர், நேர்மையானவர், எல்லோருக்கும் உதவுவார்" என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. "அவர் காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வார்?", "எதைத் தொட்டால் அவருக்குக் கோபம் வரும்?", "அவர் லீவில் இருக்கும் நாளில் கிளையில் என்ன மாறுகிறது?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களில்தான் எனக்கு எப்போதும் நல்ல சரக்கு கிடைத்திருக்கிறது.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். முகாமையாளரை விட வாசலில் நிற்கும் காவலாளிக்கு அதிகம் தெரியும். பத்து மணிக்குப் பிளேன்டீ கொண்டுவருபவருக்கு அதைவிட அதிகம் தெரியும். மாற்றலாகிப் போன பழைய நண்பர் ஒருவரையும் தொலைபேசியில் பிடியுங்கள். பேரேட்டில் கையால் எழுதிய காலத்தை இப்போதைய இளையவர்கள் பார்த்ததில்லை; அந்தக் கதைகள் அவரிடம்தான் இருக்கும். கடைசியாக வீட்டுக்குப் போங்கள், அல்லது அண்ணியிடம் பேசுங்கள். வங்கியில் செய்வதை அவர் வீட்டிலும் செய்கிறாரா என்று கேட்டால் போதும்.

கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, செயலாகக் கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "பொறுமையானவர்" என்பது போய்விடட்டும். "நோட்டை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து எண்ணுவார்" என்பது இருக்கட்டும். அவற்றிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு மூன்றுக்கு மேல் தாங்காது.

எதைத் தொடக்கூடாது

வேறு அலுவலகங்களில் சிரிப்புக்காகச் சொல்லக்கூடிய சில கதைகள் வங்கியில் ஆபத்தானவை. இங்கே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அவருடைய கவனம் மிகுந்துபோனதைக் கேலி செய்யலாம், கவனம் குறைந்ததைக் கேலி செய்யக்கூடாது. ஒரு மாலை காசு குறைந்து எல்லோரும் இரவு வரை தேடியது உங்களுக்கு இனிய நினைவாக இருக்கலாம். முன்வரிசையில் இருக்கும் பிராந்திய முகாமையாளர் காதில் அது வேறு விதமாக விழும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார், சாவியைச் சாப்பாட்டுப் பைக்குள் மறந்துவிட்டார், எனக்காக அவரே கையெழுத்துப் போட்டார் என்பன போன்றவையும் அப்படித்தான். சொல்பவருக்கு அது அன்பு, கேட்கும் அதிகாரிக்கு ஒழுக்காற்று விடயம். ஓய்வூதியக் கொடுப்பனவுகள் இன்னும் முடியாத ஒருவரைப் பற்றி அப்படிப் பேசுவது அவருக்குச் செய்யும் கெடுதல்.

அடுத்தது வாடிக்கையாளர். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித் தொழிற் சட்டம் வாடிக்கையாளரின் கணக்கு பற்றிய இரகசியத்தைக் காக்கும் கடமையை நம் மீது வைத்திருக்கிறது; அந்தக் கடமை மண்டபத்துக்குள்ளும் தொடர்கிறது. மலையகத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் ஊர் சிறியது. உதாரணத்துக்கு, தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஒருவரின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் வேறு விதமாகவும் இருந்தது. அண்ணன் அவருக்குச் சத்தியக் கடதாசி வரை எல்லாவற்றையும் விளக்கி உதவினார். இது சொல்ல வேண்டிய நல்ல கதை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், தொகை ஆகிய மூன்றும் இல்லாமல் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்ன உடனே யார் என்று மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

பதவி உயர்வு கிடைக்காமல் போனது, விரும்பாத இடமாற்றம், உடல்நலம், பிள்ளைகளின் திருமணம் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். ஐயமாக இருந்தால் இப்படிச் சோதித்துப் பாருங்கள். அந்தக் கதையை அவரே பிறரிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் தாராளமாகச் சொல்லலாம். அவர் இல்லாத இடத்தில் மட்டும் உலவும் கதை என்றால் அது மேடைக்கு உரியதல்ல.

ஒரு பேச்சு உருவாகும் விதம்

எடுத்துக்காட்டாக, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்துக் கிளையின் மூத்த எழுதுவினைஞர் ஒருவரை வைத்துக்கொள்வோம். விசாரித்ததில் மூன்று பழக்கங்கள் கிடைத்தன. திகதி முத்திரையை வேறு யாரும் தொடக்கூடாது. பேனாவை நூலால் மேசையோடு கட்டி வைத்திருப்பார். அவருடைய வரிசை எப்போதும் மெதுவாக நகரும்.

இவற்றில் முத்திரையும் பேனாவும் சிரிப்புக்கு மட்டும் போதுமானவை. மெதுவாக நகரும் வரிசைக்குள் வேறு ஏதோ இருக்கிறது. ஏன் மெதுவாக நகர்கிறது என்று கேட்டால் நினைவு கிடைத்துவிடும். ஆகவே பேச்சு அதில் தொடங்கி, மற்ற இரண்டையும் தொட்டுவிட்டு, மீண்டும் அதற்கே வரவேண்டும். பேச்சு இதோ:

"முகாமையாளர் அவர்களே, அண்ணி, பிள்ளைகள், சக ஊழியர்கள் அனைவருக்கும் மாலை வணக்கம். அண்ணன் எந்த ஆண்டு சேர்ந்தார், எங்கெங்கே வேலை செய்தார் என்பதையெல்லாம் சேர் சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. நம் கிளையிலேயே மிக மெதுவாக நகரும் வரிசை அண்ணனுடைய வரிசைதான்.

நான் சேர்ந்த மாதத்துச் சம்பள நாள். அண்ணனுக்குப் பக்கத்துக் கவுண்டரில் நான். என் வரிசையில் பத்துப் பேர் வேலை முடித்துப் போய்விட்டார்கள். அண்ணனின் வரிசையில் முதலில் நின்ற அம்மா இன்னும் முதலிலேயே நின்றார். அதற்குள் அந்த அம்மாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்ததையும், பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதையும், அந்தப் பெயரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் அண்ணன் விசாரித்து முடித்திருந்தார். காசை எண்ணுவதுதான் பாக்கி.

அண்ணனிடம் ஒரு திகதி முத்திரை இருக்கிறது. காலையில் அதன் திகதியைத் திருப்புவது அவர் மட்டுமே. ஒரு நாள் அவர் வரும் முன்பே நான் திருப்பி வைத்துவிட்டேன். வந்தார், கையில் எடுத்தார், கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். திகதி சரியாகத்தான் இருந்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதை நேற்றைய திகதிக்குத் திருப்பினார். பிறகு இன்றைய திகதிக்குத் திருப்பினார். அதன் பிறகுதான் நம் கிளையில் பொழுது விடிந்தது.

பேனாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வங்கியின் பெட்டகத்துக்கு எத்தனை பூட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணனின் பேனாவுக்கு மூன்று முடிச்சு.

இன்னொரு சம்பள நாள். என் கவுண்டரில் ஆள் இல்லை. அண்ணனின் வரிசை கதவு வரை நின்றது. கடைசியில் நின்ற பாட்டி ஒருவரை, 'இங்கே வாருங்கள் அம்மா, உடனே முடித்துத் தருகிறேன்' என்று அழைத்தேன். அவர் நகரவில்லை. 'வேண்டாம் தம்பி, நான் அந்த ஐயாவிடமே வாங்கிக்கொள்கிறேன். அவர் எனக்கு விளங்குகிற மாதிரி எண்ணித் தருவார்' என்றார். அவருடைய முறை வந்தபோது நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து எண்ணினார். அந்தப் பாட்டியும் உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடித்தார்கள். பிறகு பாஸ் புத்தகத்தில் மீதித் தொகை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, அதை அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி, தம் உழைப்பின் காசு சரியாக இருக்கிறது என்று தாமே தெரிந்துகொண்டு வெளியே போனார். அண்ணன், உங்கள் வரிசை ஏன் மெதுவாக நகர்ந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணி, நாளையிலிருந்து அவர் வீட்டில் இருப்பார். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் இருக்கும் கலண்டரில் தாளைக் கிழித்துவிடாதீர்கள். அதற்கு ஆள் வந்துவிட்டார்.

அண்ணன், இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசை இல்லை. உங்கள் விருப்பப்படி மெதுவாகப் பேசுங்கள்."

ஏன் இந்த ஒழுங்கு

வாழ்க்கைக் குறிப்பை முகாமையாளருக்கு விட்டுவிட்டதைக் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் பேசும் இருவரும் அதே ஆண்டுகளையும் அதே கிளைகளையும் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது முறை கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

முத்திரையும் பேனாவும் நடுவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. முதல் கேலியிலிருந்து நேராகப் பாட்டிக்குப் போயிருந்தால், திருப்பம் வரப்போகிறது என்று சபை முன்கூட்டியே உணர்ந்துவிடும். நடுவில் இரண்டு சிறு சிரிப்புகள் வந்ததும், வரிசையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு அதே சம்பள நாள், அதே இரண்டு கவுண்டர்கள் திரும்ப வரும்போது இன்னொரு கேலி என்று நினைத்துச் சிரிக்கத் தயாராக இருப்பார்கள். அந்த நேரத்தில் பாட்டி பேசுகிறார். பேனா வரியைச் சுருக்கமாக வைத்ததும் இதற்காகத்தான். பூட்டைப் பற்றிய அந்த வரி வங்கியின் இரகசியத்தைக் காத்துக்கொண்டே சிரிக்க வைக்கிறது, அதிகாரிகளும் சிரிப்பார்கள்.

பாட்டியின் கதைக்குப் பிறகு பேச்சை முடித்துவிடாதீர்கள். அந்த இடத்தில் அண்ணனின் கண் கலங்கியிருக்கும், அண்ணிக்கும் அப்படியே. உடனே ஒலிவாங்கியை நீட்டினால் அவரால் ஒரு சொல்கூடப் பேச முடியாது. கலண்டர் வரி அவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்கிறது. அது முத்திரைக் கதையிலிருந்தே வருவதால் ஒட்டவைத்ததாகவும் தெரியாது. அண்ணியைப் பேச்சுக்குள் கொண்டுவருவதால் குடும்பமும் சிரிப்பில் சேர்ந்துகொள்ளும். அந்த வரியை மட்டும் அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லி, அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விடயம். பேச்சில் பாட்டி சிரிப்புக்குரியவராக வரவில்லை. தோட்டத்து மக்களின் பேச்சையோ எழுத்தறிவின்மையையோ நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பவர்களை நான் மேடைகளில் பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் இருக்கும் ஊழியர்களில் பலர் அதே லயங்களிலிருந்து படித்து வந்தவர்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், சிரிக்கவும் கூடாது.

சிங்கள நண்பர்களும் இருக்கும் சபையில்

மலையகக் கிளைகளில் சிங்கள ஊழியர்கள் நிச்சயம் இருப்பார்கள். பேச்சு முழுவதையும் இரண்டு மொழியிலும் சொன்னால் ஒவ்வொரு சிரிப்பும் இரண்டு முறை வரவேண்டியிருக்கும். இரண்டாவது முறை வராது. அதற்குப் பதிலாக, நடித்துக் காட்டக்கூடிய கேலி ஒன்றாவது இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள பேச்சில் முத்திரைக் கதை அப்படிப்பட்டது. முத்திரையை எடுப்பது, கண்ணாடியை உயர்த்துவது, சக்கரத்தைப் பின்னால் திருப்பி முன்னால் திருப்புவது ஆகியவற்றைக் கையால் செய்து காட்டினால் மொழி தேவையில்லை. அவரோடு தினமும் வேலை செய்தவர்களுக்கு முதல் அசைவிலேயே தெரிந்துவிடும். பாட்டியின் கதையை மட்டும், சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்றால் நீங்களே மூன்று வாக்கியங்களில் சுருக்கிச் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். சொற்களை வைத்து விளையாடும் கேலிகள் இத்தகைய சபையில் பாதி முகங்களை வெறுமையாக்கிவிடும், அவை வேண்டாம்.

மேடையில்

எழுதியதை உங்கள் பேச்சு வழக்குக்கு மாற்றிக்கொண்டு, கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சிரிப்புக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். முதலில் வெட்ட வேண்டியது முன்னுரை. அடுத்தது பேனா.

சபை எப்படிச் சிரிக்கிறது என்பதைக் கவனித்தால் ஒன்று தெரியும். கேலி விழுந்ததும் எல்லோரும் முதலில் அண்ணனின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் சிரித்தால்தான் அவர்களும் சிரிப்பார்கள். ஆகவே முதல் கேலியைச் சொல்லிவிட்டு நீங்களும் அவரைப் பாருங்கள், தாளைப் பார்க்காதீர்கள். அவர் சிரிக்கவில்லை என்றால், அன்றைக்கு அவர் மனம் கனத்திருக்கிறது என்று பொருள். முத்திரையையும் பேனாவையும் தாண்டி நேராகப் பாட்டிக்குப் போய்விடுங்கள். இதற்காகவே தாளில் அந்த இரண்டு பத்திகளின் ஓரத்திலும் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இருக்கை சபைக்கு முதுகைக் காட்டியிருந்தால், விழா தொடங்கும் முன்பே திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

மழையையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை எந்த மாலையிலும் கொட்டலாம். தகரக் கூரை மண்டபத்தில் அது தொடங்கினால் ஒலிபெருக்கியும் உதவாது. கத்திப் பேசினால் கேலி அதட்டலாகிவிடும். விருந்தை முன்னால் நகர்த்தச் சொல்லி, மழை தணிந்த பிறகு பேசுங்கள்.

கவுண்டரை மூடி, கணக்கை முடித்து, எல்லோரும் மண்டபத்துக்கு வந்து சேர மாலை ஐந்தாகிவிடும். தோட்டப் பக்கம் போகும் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும். முன்னால் பேசுபவர்கள் நேரத்தைத் தின்றுவிட்டால், கடைசியில் பேசும் நீங்களும் அதன் பிறகு பேச வேண்டிய அண்ணனும் பாதிக் காலி மண்டபத்தில் நிற்பீர்கள். நிகழ்ச்சி நிரல் எழுதுபவரிடம் பேசி, உங்கள் பேச்சைப் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் முன்னால் போடச் சொல்லுங்கள். பரிசு கொடுத்து முடிந்ததும் படம் எடுக்க எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் எடுபடாது. தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வேனை ஏற்பாடு செய்து, அந்தச் செய்தியை விழா தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கள். "எனக்கு மேடையில் பேசத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடிக்கும் அண்ணன், முப்பது ஆண்டுக் கதையைத் தொடங்கினால் அரை மணி நேரத்துக்கு முன்னால் முடிக்க மாட்டார். அந்த அரை மணி நேரத்தையும் நிரலில் ஒதுக்கி வையுங்கள்.